மூன்று நோய்க்கும் ஒரே சத்தம்

சீஃப் வார்டுக்குள் வருவதை ‘வருகிறார்’ என்று சொன்னால் அது குறைத்துச் சொன்னதாகிவிடும். எழுந்தருளுவார். முன்னால் சிஸ்டர், சோப்பும் துவாலையும் ஏந்தியபடி. பின்னால் இளைத்தவரும் தடித்தவருமாகச் சில டாக்டர்கள். கடைசியில் கேஸ் ஷீட் வண்டி. அதன் ஒரு சக்கரத்துக்கு மட்டும் எப்போதும் வேறு திசையில் போக ஆசை. அந்த அரைமணி நேரம் நோயாளிகள் இருமலைக்கூட அடக்கிக்கொள்வார்கள். இருமலை விசாரிக்கத்தான் அவர் வருகிறார் என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை.

அவரிடம் படித்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் மத்தளம். அதில் கேலி பாதி, மரியாதை பாதி. இடது கை நடுவிரலை நோயாளியின் முதுகில் அழுத்திப் பதித்து, வலது கை நடுவிரலால் அதன்மேல் தட்டுவார். காற்று நிறைந்த நுரையீரல் ‘டும்’ என்று பதில் சொல்லும். காற்றில்லாத இடம் அரிசி மூட்டையைத் தட்டியதுபோல ‘டொக்’கென்று அடங்கும். டும் எங்கே முடிகிறது, டொக் எங்கே தொடங்குகிறது என்று விரலகலம் பிசகாமல் கோடு போட்டுக் காட்டுவார். அந்தக் கோட்டை எக்ஸ்ரே எடுத்துச் சரிபார்த்தவர்கள் வெட்கப்பட்டுப் போனதுண்டு.

ஆனால் ஊர்வலத்தில் வருகிறவர்களில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதி உண்டு. மத்தளத்துக்குக் காது கேட்பதில்லை.

கொஞ்சம் மந்தம் என்று தொடங்கி, நாலைந்து வருஷத்தில் நன்றாகவே அடைத்துவிட்டது. நேருக்கு நேர் பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவார். தட்டுவதற்குக் காது வேண்டாம், விரலே சொல்லிவிடும். ஸ்டெதாஸ்கோப்தான் சிக்கல். அது அவர் காதில் இருக்கும். அதற்குள் ஒன்றும் இருக்காது.

இதற்கு டாக்டரம்மா ஓர் ஏற்பாடு செய்திருந்தார். சீஃபுக்கு அடுத்த நிலையில் இருப்பவர், ஒரு காலத்தில் அவரிடமே படித்தவர். சீஃப் நோயாளியின் முதுகுக்குப் பின்னால் நிற்பார். இவர் முன்னால் நின்று தன் ஸ்டெதாஸ்கோப்பையும் வைத்துக் கேட்டுவிட்டு, “சார் சொல்றது சரிதான், கீழ்ப்பக்கம் மூச்சுச் சத்தம் கம்மி” என்பார். சீஃப் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அந்த உதட்டைப் பார்த்து, “மூச்சுச் சத்தம் கம்மி!” என்று முழங்குவார். எல்லாரும் தலையாட்டுவார்கள். இப்படி ஒருவர் சொல்லும் முன்பே அவர் சொன்னது சரி என்று சொல்லும் வழக்கம் அந்த ஆஸ்பத்திரியில் பல துறைகளில் இருந்ததால், யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அன்றைக்கு அந்த ஏற்பாடு கெட்டது. காரணம், ஸ்கேன் மெஷின்.

வார்டின் ஒரு மூலையில் புதிய ஸ்கேன் மெஷின் ஒன்று, ஊதா நிறச் சாட்டின் துணி போர்த்தி, மணப்பெண்போலத் தலைகுனிந்து நின்றது. குறுக்கே சிவப்பு ரிப்பன். ஒரு பிரமுகர் வந்து ரிப்பன் வெட்டினால்தான் மின்சாரம் கொடுக்கலாம் என்பது மேலிடத்து உத்தரவு. பிரமுகர் மூன்று தடவை தேதி தள்ளிப்போட்டு, கடைசியில் இன்று காலை என்று ஒப்புக்கொண்டிருந்தார். எனவே சீஃப் புதுக் கோட்டு அணிந்திருந்தார். கருநீலம். மணிக்கட்டில் வரிசையாகத் தங்க நிறப் பொத்தான்கள். பிரமுகருக்கு நாற்காலி சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க டாக்டரம்மாவை அவரே வாசலுக்கு அனுப்பிவிட்டு, அவர் இல்லாமலே ஊர்வலத்தைக் கிளப்பினார்.

ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவர் டெய்லர். அந்தக் கோட்டைத் தைத்தவர். மார்புச் சளி, காய்ச்சல், நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று முந்தைய நாள் சேர்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. கடையில் காஜா எடுப்பது அவர்தான்.

“நிமோனியா சார்” என்றார் அவசரப் பிரிவு டாக்டர். அவர்தான் இரவு டெய்லரைச் சேர்த்தவர். “வலது பக்கம் தட்டினா மந்தம். குழாய்க்குள்ள ஊதுற மாதிரி மூச்சுச் சத்தம்.”

அந்தச் சத்தம் டெய்லரின் மார்பில் இல்லை. பாடப் புத்தகத்தில் இருந்தது. காய்ச்சலும் மந்தமும் இருந்தால் அந்தச் சத்தமும் இருந்தாக வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. அதனால் கேட்டுவிட்டதாக எழுதிவிட்டார். நல்ல பிள்ளை.

சீஃப் டெய்லரைத் திரும்பி உட்காரச் சொன்னார். தட்டினார். மேலே, நடுவில், கீழே. வலது பக்கம் முழுக்க டொக், டொக், டொக்.

“கல்லு!” என்றார்.

“கல்லு சார்” என்றது ஊர்வலம்.

பிறகு ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டி, கண்களை மூடி, முகத்தைக் கூரைக்கு உயர்த்தினார். “தொண்ணூத்தொன்பது சொல்லுங்க.”

டெய்லருக்கு மூச்சுதான் குறைவு, குறும்புக்குக் குறைவில்லை. தன் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்றும் அவருக்குத் தெரியும். மெல்ல, மூச்சுக்கு ஒரு வார்த்தையாக, கோட்டு அளவை ஒப்பிக்கத் தொடங்கினார்.

“மார்பு… நாப்பத்திரண்டு. இடுப்பு… நாப்பத்தாறு.”

கேஸ் ஷீட் வண்டியைப் பிடித்திருந்தவர் இருமலாக ஒன்றைச் சிரித்தார். டெய்லர் மனைவி, “ஏங்க, சும்மா இருங்க” என்று கணவர் தொடையில் கிள்ளினார்.

“இன்னொரு தடவை” என்றார் சீஃப், கண்ணைத் திறக்காமல்.

“இடுப்பு… நாப்பத்தாறு. தொப்பைக்கு… ஒரு இஞ்ச் விட்டுப் பிடிக்கணும்.”

“குரல் அதிர்வு குறைவு!” என்று தீர்ப்புச் சொன்னார் சீஃப். “மூச்சுச் சத்தம் இல்லை. கல்லு மாதிரி மந்தம். நிமோனியா இல்லய்யா, தண்ணி! நுரையீரலைச் சுத்தித் தண்ணி. இந்தப் படத்தைப் பாரு, ஒரு பக்கம் பூரா வெள்ளை.” எக்ஸ்ரேயை உயர்த்திக் காட்டினார். படம் எடுக்கும்போது டெய்லர் நிற்க முடியாமல் ஒருக்களித்துச் சாய்ந்துவிட்டதால், அதில் எலும்பெல்லாம் கோணலாக இருந்தது. வெள்ளை மட்டும் ஒழுங்காக இருந்தது. “ஊசி போட்டு எடுத்துடலாம். தட்டு ரெடி பண்ணுங்க சிஸ்டர். கெஸ்ட் வர்றதுக்குள்ள முடிச்சா, பாட்டிலோட காட்டலாம்.”

சொன்னதில் முக்கால்வாசி சரி. அதுதான் ஆபத்து. முழுத் தப்பை யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஊசி போடும் இடத்தைக் குறித்து வைக்கச் சொல்லிவிட்டு ஊர்வலம் நகர்ந்தது. அவசரப் பிரிவு டாக்டர் முதுகில் ஒரு மைப்புள்ளி வைத்துவிட்டுப் போனார். டாக்டரம்மா நாற்காலிகளிலிருந்து மீண்டு வந்தபோது, ஊசித் தட்டு கட்டிலருகே காத்திருந்தது. டெய்லர் மனைவி அந்த ஊசியின் நீளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டாக்டரம்மா, இதை முழுசா உள்ள விடுவீங்களா?”

“இல்லம்மா. தண்ணி தொட்டதும் நிறுத்திடுவோம்.”

“வாழ்நாள் பூரா ஊசி பிடிச்ச மனுஷன்” என்றார் அந்த அம்மாள், கணவரின் நெற்றி வேர்வையைத் துடைத்தபடி. “இப்பப் பாருங்க, ஊசின்னா நடுங்குறாரு.”

“நடுங்கல” என்றார் டெய்லர். “தையல்… எங்க போடணும்னு… தெரியாம… குத்துறவங்களைப் பாத்தா… எனக்கு எப்பவும்… அப்படித்தான்.”

டாக்டரம்மா சிரித்தார். ஊசிக்கு முன் ஒருமுறை தானும் பார்த்துவிடலாம் என்று தட்டிப் பார்த்தார். மந்தம்தான், ஆனால் கல் என்று சத்தியம் செய்ய மாட்டார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். இடப்பக்கம் மூச்சு, துணிக்கடையில் பட்டு விரிப்பதுபோலச் சரசரவென்று போய்வந்தது. வலப்பக்கம் ஆளில்லாத வீடு.

“பேசுங்க.”

“என்ன பேச?”

“எதையாவது. அளவு சொல்லுங்களேன்.”

டெய்லர் சொன்னார். குரல் எங்கோ தெருமுனை வீட்டில் யாரோ பேசுவதுபோல அமுங்கிக் கேட்டது. இடுப்பு நாற்பத்தாறு என்று காதில் விழுந்தபோது அது யாருடைய இடுப்பு என்று புரிந்து உதட்டைக் கடித்துக்கொண்டார்.

நிமோனியா இல்லை, அதுவரை சீஃப் சொன்னது சரி. சளியால் நுரையீரல் கெட்டித்துப்போயிருந்தால் அது சத்தத்தைச் சுவர்போலத் தடுக்காது, தண்டவாளம்போலக் கடத்தும். மூச்சு குழாய்க்குள் ஊதுவதுபோலக் கரகரக்கும். நோயாளி முணுமுணுத்தால்கூடக் காதருகே வாய் வைத்துப் பேசியதுபோல விழும். இங்கே மூச்சும் இல்லை, குரலும் இல்லை. அப்படியானால் இரண்டில் ஒன்று. நுரையீரலைச் சுற்றித் தண்ணீர் சேர்ந்து அதை அமுக்கியிருக்க வேண்டும். அல்லது அதற்குப் போகும் கிளைக்குழலை ஏதோ ஒன்று அடைத்து, காற்றெல்லாம் வற்றி, நுரையீரலே ஊதாத பலூனாகச் சுருங்கியிருக்க வேண்டும். தட்டினால் மூன்றுக்கும் டொக். கேட்டால் இந்த இரண்டுக்கும் மௌனம். இந்த இரண்டையும் பிரிக்க ஓர் இடம் இருக்கிறது. வகுப்பில் முதல் நாளே சீஃப் சொல்லித் தந்தது: “கழுத்தைத் தொடாம மார்பைத் தொடாதே.”

டாக்டரம்மா டெய்லரை நேராக உட்காரவைத்து, கழுத்தெலும்புகளுக்கு நடுவே உள்ள குழியில் ஒரு விரலை மெல்ல இறக்கினார். மூச்சுக்குழல் நடுவில் இருக்க வேண்டும். வலப்பக்கம் இத்தனை தண்ணீர் இருந்தால் அது குழலை இடப்பக்கம் தள்ளியிருக்க வேண்டும். குழலோ வலப்பக்கம் போய் ஒதுங்கியிருந்தது. இதயத் துடிப்பைத் தேடினார். அதுவும் தன் இடத்தை விட்டு நடுவை நோக்கி வந்திருந்தது. தள்ளவில்லை, இழுக்கிறது. உள்ளே இடம் காலியாகி, பக்கத்தில் இருப்பதையெல்லாம் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது.

தண்ணீரே இல்லாத இடத்தில் ஊசி தண்ணீரைத் தேடப்போகிறது. தேடினால் கல்லீரலைக் குத்தும். இல்லையென்றால் நுரையீரலைக் கிழிக்கும்.

“சிஸ்டர், அந்த ஸ்கேனை ஒரு நிமிஷம் ஆன் பண்ண முடியுமா?”

சிஸ்டர் இரண்டு கைகளையும் விரித்து மெஷினுக்கு முன்னால் நின்றார். “ஐயோ டாக்டர், ரிப்பன் வெட்டாம ப்ளக்கைத் தொட்டா என் சீட்டு கிழிஞ்சிடும். சீஃப் சொன்னாத்தான்.”

“அப்ப தட்டைத் தொடாதீங்க. நான் வர்ற வரைக்கும் யாரும் ஊசியைத் தொடக் கூடாது.”

சீஃப் தன் அறையில் கண்ணாடி முன் நின்று வரவேற்புரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்கு முதுகு காட்டி நின்றார்.

“சார், டெய்லருக்குத் தண்ணி இல்ல.”

“…இந்த மாபெரும் சாதனம் ஏழை எளிய மக்களின்…”

“சார், ஊசி போட்டா ஆளுக்கு ஆபத்து.”

கண்ணாடியில் டாக்டரம்மாவின் உருவம் தெரிந்ததும் சீஃப் திரும்பினார். டாக்டரம்மாவின் வாய் அசைந்து நின்றுவிட்டதைப் பார்த்து, ஏதோ கேட்டிருக்கிறார், பதில் சொல்ல வேண்டும் என்று புரிந்துகொண்டு, பெருந்தன்மையாகத் தலையசைத்தார். “ஆமா ஆமா. முன்வரிசையிலேயே போட்டுடுங்க.”

டாக்டரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கோபமில்லை. நாலு வருஷமாகத் தான் செய்தது உதவி என்று நினைத்திருந்தார். அந்த உதவியைப் பிடித்துக்கொண்டுதான் சீஃப் விழாமல் நின்றார். அதனால்தான் ஒரு நாளும் கீழே பார்க்கவுமில்லை. ‘சார் சொல்றது சரிதான்’ என்று சொல்லிச் சொல்லி, சார் எதுவும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிட்டோமோ?

அருகே போய், அவர் கண்ணுக்கு நேராக முகத்தை வைத்து, சத்தமில்லாமல், உதட்டை மட்டும் தெளிவாக அசைத்துச் சொன்னார். “உங்க காதை யாரும் கேக்கல சார். உங்க விரலைக் கொஞ்சம் கடன் கொடுங்க.”

சீஃபின் முகத்தில் முதலில் கோபம் வரப் பார்த்தது. பழக்கமான இடம் என்பதால் அங்கேதான் எல்லாம் முதலில் வரும். அப்புறம் அது போய்விட்டது.

“எப்பலேர்ந்து தெரியும்?”

“ரொம்ப நாளா.”

“வேற யாருக்கு?”

“எனக்குத் தெரிஞ்சு யாருக்கும் இல்ல. வாங்க சார்.”

இந்த முறை ஊர்வலம் இல்லை. சோப்பும் துவாலையும் இல்லை. இருவரும் நடந்து வந்ததை சிஸ்டர்கூட முதலில் கவனிக்கவில்லை. சீஃப் வார்டுக்குள் வெறுமனே வந்தது அதுதான் முதல் தடவை. அவசரப் பிரிவு டாக்டர் ஓடிவந்து நிமிர்ந்து நின்றார்.

சீஃப் டெய்லருக்கு முன்னால் வந்து நின்றார். விரலைக் கழுத்துக்குழியில் இறக்கினார். ஒரு கணம். எடுத்தார். மறுபடி இறக்கினார். தட்டி முழங்கும் விரல், இப்போது சும்மா இருந்து ஒரு சங்கதியைக் கேட்டது.

பிறகு பின்னால் போய், கோட்டுக் கைகளைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, இரு உள்ளங்கைகளையும் முதுகின் இருபுறமும் பதித்தார். “பேசச் சொல்லுங்க.”

டெய்லர் பேசினார். இடது உள்ளங்கையில் குரல் தேனீக் கூட்டம்போல ரீங்கரித்தது. வலது உள்ளங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. மூச்சை இழுக்கச் சொன்னார். இடது கை விரிந்து போனது, வலது கை இருந்த இடத்திலேயே இருந்தது.

வார்டு காத்திருந்தது. இத்தனை வருஷமாக இந்த இடத்தில் ஒரு முழக்கம் வரும்.

“தண்ணி இல்ல” என்றார் சீஃப் சாதாரணக் குரலில். “தப்பாச் சொல்லிட்டேன். நுரையீரல் சுருங்கியிருக்கு. குழாய்ல ஏதோ அடைச்சிருக்கு.” அவரே ஊசித் தட்டை எடுத்து எட்ட வைத்தார். “எதையாவது முழுங்கினீங்களா? வேர்க்கடலை, விதை, பல்லு… புரையேறி இருமி இருமித் திணறினீங்களா?”

டெய்லர் மனைவியைப் பார்த்தார். மனைவி சீஃபின் கோட்டைப் பார்த்தார். பிறகு இருவரும் தரையைப் பார்த்தார்கள். டெய்லர் தரையிடம் ஏதோ சொன்னார்.

சீஃபுக்கு அது கேட்கவில்லை. டாக்டரம்மா வழக்கம்போலத் திருப்பிச் சொல்ல வாயெடுத்தார். சீஃப் கையமர்த்தினார். முழங்காலை மடக்கி, கட்டிலின் உயரத்துக்குக் குனிந்தார். புதுக் கோட்டு அதற்கு ஒத்துழைக்காமல் எங்கோ ஒரு தையலை விட்டது.

“எனக்குக் காது கேக்காதுங்க” என்றார். “மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.”

அவசரப் பிரிவு டாக்டரின் வாய் திறந்தது. சிஸ்டர் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். டெய்லர் மட்டும் அசரவில்லை.

“தெரியும் சார்.”

“தெரியுமா?”

“டெய்லருங்க… பின்னால நின்னுதான்… தோள் அளவு எடுப்போம். நானும்… நாலு வருஷமா… உங்க முதுகுகிட்ட… கேள்வி கேக்குறேன். ஒரு தடவைகூட… பதில் வரல. பெரிய மனுஷன்… யோசிக்கிறாருன்னு… முதல்ல நெனச்சேன்.”

சீஃப் சிரித்துவிட்டார். அந்த வார்டில் அவர் பல்லைப் பார்த்தவர்கள் குறைவு. “இப்பப் பதில் நீங்க சொல்லுங்க. என்ன முழுங்கினீங்க?”

டெய்லர் மெல்லக் கையை நீட்டி, சீஃபின் வலது கோட்டுக் கையைப் பிடித்து, சுருட்டியதைப் பிரித்து, மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். வரிசையில் கடைசிப் பொத்தான் மற்றவைபோல் இல்லை. அதுவும் தங்க நிறம்தான். ஆனால் கொஞ்சம் சின்னது, தட்டை. மற்றவை உருண்டையாகப் புடைத்து, பின்னால் வளையம் வைத்தவை. ஜொலிப்புக்குத் தங்கப் பூச்சு, உடம்பு பிளாஸ்டிக்; எக்ஸ்ரேயில் தெரியாத ரகம்.

மிச்சத்தை மனைவி சொன்னார். “பொத்தானை வாயில வச்சுக்கிட்டுத்தாங்க தைப்பாரு. எத்தனை தடவை சொல்லியாச்சு. அன்னிக்கு நான்தான்… உங்க இடுப்பளவைப் பாத்துட்டு, ‘ஏங்க, இந்தத் துணியில ரெண்டு பேருக்குத் தைக்கலாமே’ன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். சிரிச்சாரு பாருங்க, கண்ணு ரெண்டும் வெளிய வந்துடுச்சு. முதுகுல அடிச்சேன், இருமினாரு, அப்புறம் சரியாப் போச்சு. முழுங்கிட்டேன், தானாப் போயிடும்னாரு. பத்து நாள் கழிச்சுத்தான் காய்ச்சல்.”

“இதை ராத்திரியே சொல்லியிருக்கலாமேம்மா!” என்றார் அவசரப் பிரிவு டாக்டர். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காதவருக்கு வரும் கோபம் அது.

“எப்படிங்க சொல்றது? அதே பொத்தான் கடையில கிடைக்கல. வேற வச்சுத் தச்சுட்டோம். சொன்னா இவங்க கோட்டைப் பாப்பாங்க. பாத்தா பொத்தான் மாறினது தெரிஞ்சுடும்.” குரல் உடைந்தது. “இவரு கையில தச்ச துணியில இதுவரைக்கும் ஒருத்தரும் குத்தம் சொன்னதில்லைங்க.”

மறைத்தது நோயை அல்ல, பொத்தானை. அங்கே நின்ற யாருக்கும் அதைக் கண்டிக்க யோக்கியதை இல்லை. சீஃப் தன் மணிக்கட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“நான் கவனிக்கவே இல்ல” என்றார் அந்த அம்மாளிடம். “நல்லாத்தான் இருக்கு.”

பிறகு எழுந்து, சிஸ்டரின் தட்டிலிருந்து பஞ்சு வெட்டும் கத்திரிக்கோலை எடுத்தார். நேராக மூலைக்குப் போனார். ஒரு கையில் ரிப்பன், ஒரே வெட்டு. சாட்டின் துணி வழுக்கித் தரையில் விழுந்தது. கைதட்டியது டெய்லர் மனைவி மட்டும்தான். ரிப்பன் வெட்டினால் கைதட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மெஷினை உருட்டிவந்து டெய்லரின் முதுகில் வைத்துப் பார்த்தார்கள். தண்ணீர் இருந்தால் திரையில் கறுப்பாகத் தெரியும். கறுப்பு எங்குமில்லை. காலையில் வைத்த மைப்புள்ளிக்கு நேர் உள்ளே, ஊசி போயிருக்க வேண்டிய வழியில், மேலே இழுபட்டு வந்த கல்லீரல் மழமழவென்று உட்கார்ந்திருந்தது.

டாக்டரம்மா பஞ்சை நனைத்து அந்தப் புள்ளியை அழித்தார். மை சீக்கிரம் போகவில்லை. போகும்வரை துடைத்தார்.

பொத்தானை எடுக்க டெய்லரை ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியபோது, எதிரே பிரமுகரின் கார்கள் நுழைந்தன. சிஸ்டருக்குக் கைகால் ஓடவில்லை. வெட்டிய ரிப்பனை யாரிடம் காட்டுவது? டெய்லர் மனைவி ஆம்புலன்ஸ் கதவிலிருந்து இறங்கி, “கொடுங்க இங்க” என்று வாங்கி, கைப்பையிலிருந்து ஊசிநூல் எடுத்து, நின்றபடியே நாலு தையலில் ஒட்டிக் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டார். பிரமுகர் அதையே வெட்டினார். தையல் இருந்த இடத்தில் கத்திரிக்கோல் கொஞ்சம் தடுமாறியது. புகைப்படத்தில் அது உணர்ச்சிப் பெருக்காகத் தெரிந்தது.

அங்கே வாய்வழியாகக் குழாய் விட்டுப் பொத்தானை எடுத்தார்கள். மருந்து சாப்பிட்டு, மூச்சுப் பயிற்சி செய்து, டெய்லர் ஒரு காலையில் வார்டுக்குச் சோதனைக்கு வந்தார். சட்டைப் பையில் சின்னக் கண்ணாடிக் குப்பி. உள்ளே பொத்தான். தங்கப் பூச்சு பாதி போய், கறுத்திருந்தது.

இப்போது வார்டில் ஊர்வலம் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் கலைந்த ஊர்வலம். சீஃப் தட்டுவார். டாக்டரம்மா கேட்பார், கேட்டதை அவருக்கு எதிரே நின்று, தன் பெயரிலேயே சொல்வார். சில சமயம், “நீங்க நினைக்கிறது சரியில்ல சார்” என்றும் சொல்வார். முதல் வாரம் கேஸ் ஷீட் வண்டிக்கே அது அதிர்ச்சியாக இருந்தது. சீஃபின் இடது காதில் ஒரு காதுமெஷின் முளைத்திருந்தது. அது பேச்சுக்கு உதவியது, ஸ்டெதாஸ்கோப்புக்கு உதவவில்லை. அதை அவரே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார், கொஞ்சம் பெருமையாகவே. பெருமை ஒரேயடியாகப் போய்விடுமா?

டாக்டரம்மா முதுகில் வைத்துக் கேட்டார். இடம், வலம், இடம், வலம்.

“ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருக்கு சார். கீழ மட்டும் கொஞ்சம் சளி.”

“நான் பாக்கலாமா?” என்றார் சீஃப். அந்த வார்டில் அவர் அனுமதி கேட்டு யாரும் கேட்டதில்லை.

முதலில் கழுத்துக்குழியில் விரல். குழல் நடுவில். பிறகு முதுகுக்குப் பின்னால் போய் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்தார்.

“தொண்ணூத்தொன்பது” என்று டெய்லருக்கு நினைவூட்டினார் டாக்டரம்மா.

டெய்லர் மூச்சை நிறைய இழுத்து, எங்கும் நிறுத்தாமல் ஒப்பித்தார். “மார்பு நாப்பத்திரண்டு, தோள் பத்தொன்பது, கை இருபத்தஞ்சு, இடுப்பு நாப்பத்தாறு!”

வார்டு சிரித்தது. “இந்த மனுஷனை என்ன பண்றது!” என்று தலையிலடித்துக்கொண்ட டெய்லர் மனைவியின் கண்ணில் நீர் முட்டியிருந்தது. அவர் எண்ணியது எண்களை அல்ல, நடுவில் மூச்சு வாங்காததை.

அந்தச் சிரிப்பில் காதுமெஷினுக்குள் வெறும் இரைச்சல்தான் போயிருக்கும். சீஃப் யாரையும் பார்க்கவில்லை, யாரிடமும் என்ன என்று கேட்கவில்லை. குனிந்து நின்றிருந்தார். அவருடைய இரண்டு உள்ளங்கைகளிலும் ஒரே ரீங்காரம், ஒரே அளவில், ஒரே நேரத்தில் எழுந்து அடங்கியது.

“இன்னொரு தடவை சொல்லுங்க” என்றார்.

சோதனைக்கு அது தேவையில்லை. அது டாக்டரம்மாவுக்குத் தெரியும். அவர் டெய்லரைப் பார்த்துத் தலையசைத்தார்.